ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர். இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். "சார், திங்கட்கிழமை காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள் முகூர்த்தம். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சா சரியா இருக்கும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார். போனில் பத்து நிமிடம் சொன்னேன். முழுதாகச் சொன்ன திருப்தி இல்லை. இதே நேரத்தில்தான் என் தம்பி மகள் கல்யாணத்தை கும்பகோணம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடத்தினோம். ஆவணி முதல் வாரம், அதுவும் திங்கட்கிழமை. தம்பி இல்லை. பெரியப்பா என்ற முறையில் நானும் என் மனைவியும்தான் தாரை வார்த்துக் கொடுத்தோம். அந்த நாளை வைத்தே எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வழக்கம் இது. உங்கள் வீட்டு முறைப்படி சடங்குகள் முன்பின் மாறலாம். கணக்குப் போடும் விதம் மாறாது.

முதலில் இந்த ஒன்றரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். சூரியன் எந்த ராசியில் இருக்கிறதோ, உதயத்தின்போது அந்த ராசிதான் லக்னம். ஆவணியில் சூரியன் சிம்மத்தில். எனவே ஆவணி மாதம் முழுக்கப் பொழுது விடிவது சிம்ம லக்னத்தில்தான். ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருக்கும். மாதப் பிறப்பன்று உதயத்துக்குப் பிறகு அந்த இரண்டு மணி நேரமும் அநேகமாக முழுதாகக் கிடைக்கும். பிறகு நாளொன்றுக்கு நான்கு நிமிடம் வீதம் குறைந்துகொண்டே வரும். மாதக் கடைசியில் உதயத்துக்குப் பின் சிம்மம் மிச்சமே இருக்காது, கன்னி வந்துவிடும். முதல் வாரம் என்பதால் எங்களுக்கு 7.35 வாக்கில் வரைக்கும் சிம்மம் இருந்தது.

அடுத்தது ராகு காலம். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று எல்லாக் காலண்டரிலும் இருக்கும். அது ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு ராகு காலம். உண்மையான உதயத்தை வைத்துப் பார்த்தால் ஆவணியில் சில நிமிடம்தான் வித்தியாசம் வரும். ஆனால் தை மாதத்தில் உதயமே 6.35 வாக்கில்தான். அப்போது திங்கட்கிழமை ராகு காலம் எட்டு மணியளவில்தான் தொடங்க வேண்டும். "அப்போ அரை மணி கூடுதலா இருக்கே" என்று வீட்டில் யாராவது கணக்குப் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருப்பது காலண்டர். 7.40க்குத் தாலி கட்டினால் அன்று முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். பத்திரிகையில் அச்சிட்ட நேரமே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரண்டு பக்கமும் சுவர். ஆறு மணிக்கு முன் கட்டக் கூடாது, ஏழரைக்குப் பின் கட்டக் கூடாது. இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சுவர்களுக்குள் விழ வேண்டியது திருமாங்கல்ய தாரணம் ஒன்றுதான். மற்ற எல்லாச் சடங்கும் முகூர்த்த நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆறு மணிக்குப் பிள்ளையார் பிடிக்க ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் 7.25க்கு மணவறையில் வியர்த்துப்போய் நிற்பார்கள்.

நான் செய்தது இதுதான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஐயரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் உட்கார வைத்து, சடங்குகளை ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரித்தேன். தாலிக்கு முன்னால் நடந்தே ஆக வேண்டியவை, முன்னாலோ பின்னாலோ நடக்கலாம் என்பவை, பின்னால்தான் நடக்கும் என்பவை.

பிள்ளையார் பூஜை, புண்ணியாகவாசனம், அரசாணிக்கால், கலச பூஜை, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் காப்பு, கூறைப்புடவை கொடுத்தல், தாரை வார்த்தல் ஆகியவை முன்னால் வருபவை. காப்புக் கட்டாமல் மற்றதில் இறங்க முடியாது. தாரை வார்த்துக் கொடுக்காமல் தாலி கட்ட முடியாது. மாலை மாற்றுதல், அக்கினி வலம், பொரியிடுதல், மெட்டி போட்டு அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், குடத்தில் மோதிரம் எடுத்தல் எல்லாம் பின்னால். நலங்கும் பெற்றோருக்குப் பாத பூஜையும் நடுவில் நின்றன. நேரம் இருந்தால் முன்னால் செய்வது, இல்லையென்றால் தாலிக்குப் பிறகு செய்வது என்று ஐயர் ஒப்புக்கொண்டார். எது நகரும், எது நகராது என்று அன்றே பேசி முடித்ததால் கல்யாணத்தன்று மணவறையில் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வரவில்லை.

பிறகு பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டோம். முடிவு 7.30 என்றாலும் 7.30ஐ இலக்காக வைக்கக் கூடாது. 6.55க்குத் தாலி என்று வைத்தோம். முப்பத்தைந்து நிமிடம் கையிருப்பு.

தாரை வார்ப்பதற்குக் கால் மணி. இரண்டு வீட்டிலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி, பெண் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் விட வேண்டும். எனவே 6.40க்கு அது தொடங்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால், 6.35க்குப் பெண் கூறைப்புடவை கட்டி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

இங்கேதான் முதல் சிக்கல். கூறைப்புடவை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் எல்லாப் பெண்களும் "பத்து நிமிஷம்" என்பார்கள். நான் போன நாலைந்து கல்யாணங்களில் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். இருபத்தைந்துக்குக் குறைந்து யாரும் வந்ததில்லை. ஒரு கல்யாணத்தில் நாற்பது ஆனது. புதுப்பட்டு மடிப்பு நிற்காது. ஒட்டியாணத்தைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ஜடையில் வைத்த பூ நகர்ந்துவிடும். ஐயர் அன்று சொன்னது மறக்கவில்லை. "சார், மந்திரத்தை நான் சுருக்குவேன், நீட்டுவேன். புடவை கட்டுறதை மட்டும் என்னால சுருக்க முடியாது." முப்பது நிமிடம் ஒதுக்கினோம். எனவே 6.05க்கு கூறை பெண் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் பெண்ணுக்குக் காப்பும் நலங்கும் இருபது நிமிடம், 5.45. மாப்பிள்ளைக்கு அதே இருபது, 5.25. பிள்ளையாரிலிருந்து கலச பூஜை வரை நாற்பது, 4.45. மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: நாலே முக்கால்.

ஆனால் கணக்கு அங்கே நிற்காது. 5.45க்குப் பெண் அலங்காரத்தோடு மணவறைக்கு வர வேண்டும். பியூட்டிஷியன் இரண்டு மணி நேரம் கேட்டார். கால் மணி கூடக் கொடுத்து 3.30. அதற்கு முன் எண்ணெய் வைத்துத் தலைக்குக் குளித்து முடியைக் காய வைக்க முக்கால் மணி. பெண் 2.45க்கு எழ வேண்டும். முந்தின நாள் ரிசப்ஷன் பதினொரு மணி வரை போனால் அந்தப் பிள்ளை எப்போது தூங்கும்? ஆறு மணி முகூர்த்தம் வைத்தால் அதன் கை முதல் நாள் சாயங்காலம் வரை நீளும். ரிசப்ஷனை ஆறு மணிக்கே தொடங்கி 9.30க்கு மேடை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு வந்தவர்களை நேராகச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனோம்.

இரண்டாவது சிக்கல் தாலித் தட்டு. தேங்காய் மேல் தாலியை வைத்து, அட்சதையோடு சபையில் கொண்டுபோய்ப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க வேண்டும். வழக்கமாகப் பெண் கூறை கட்டி வந்து உட்கார்ந்து, தாரை வார்த்தும் முடிந்த பிறகுதான் தட்டை எடுப்பார்கள். அப்போது நேரம் நெருக்கும். நானூறு பேர் சபையில் தட்டு முழுக்கச் சுற்ற கால் மணிக்கு மேல் ஆகும். "நேரமாச்சு, நேரமாச்சு" என்று மேடையிலிருந்து குரல் வரும். முன் இரண்டு வரிசையோடு தட்டு திரும்பிவிடும்.

அப்படித் திரும்பும்போது யாருக்கு வராமல் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கணவரை இழந்த பெண்கள் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார மாட்டார்கள். யாரும் போ என்று சொல்ல வேண்டாம், அவர்களாகவே தூணுக்குப் பின்னால், கடைசி வரிசையில், இல்லாவிட்டால் சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவார்கள். நேரம் இல்லை என்று தட்டைத் திருப்பும்போது நாம் யாரையும் ஒதுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கடிகாரம் நமக்காக ஒதுக்கிவிடுகிறது.

எங்கள் வீட்டில் அந்த நிலையில் இருந்தது பெண்ணைப் பெற்றவள். என் தம்பி மனைவி. பிள்ளையைத் தனியாக வளர்த்து, படிக்க வைத்து, அந்தத் தாலிக்கும் கூறைக்கும் நாள் பார்த்துக் கொடுத்தவள். தாரை வார்ப்பது நாங்கள் என்று முடிவானபோது ஒன்றும் சொல்லவில்லை. பட்டியல் போட்ட அன்று அவளிடம் "நீ எங்கேம்மா உட்காருவே?" என்று கேட்டேன். "நான் உள்ளே பொண்ணுகூட இருக்கேன் மாமா, புடவை கட்ட ஆள் வேணுமில்ல" என்றாள்.

அந்தப் பதிலில்தான் வழி கிடைத்தது. பெண் கூறை கட்டும் அரை மணி நேரம் மணவறை சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில் ஐயர் மாப்பிள்ளையை வைத்து அக்கினி வளர்க்கப் போகிறார். அதே நேரத்தில் தட்டும் சுற்றி வரலாமே. இரண்டு நீண்ட வேலைகளை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் முக்கால் மணி. ஒரே நேரத்தில் வைத்தால் அரை மணி. கால் மணி மிச்சம், தட்டும் கடைசி வரிசை வரை போகும். முறைப்படி தடை உண்டா என்று ஐயரிடம் கேட்டேன். "பூஜை ஆன பிறகு எப்ப வேணா போகலாம், திரும்பி வந்து மணவறையில இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

தட்டு எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. புடவை மாற்றும் அறையிலிருந்து, பெண்ணின் அம்மாவிடமிருந்து கிளம்பட்டும் என்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனே, "தாலி நாங்க கொண்டு வர்றது. முதல்ல சுமங்கலிகள் தொடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். அறை அமைதியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, தட்டை என் பெரிய பொண்ணு கையில கொடுத்து அனுப்புறேன். முதல்ல சம்பந்தியம்மாகிட்டதான் போகும். அன்னைக்கு யாரும் எதுவும் பேச மாட்டாங்க" என்றார். அந்தப் பெரியவர் முகம் மாறவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. இந்தப் பேச்சு இரண்டு வாரம் முன்னால் நடந்ததால் கால் மணியில் முடிந்தது. இதையே மணவறையில் 6.50க்குப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, "யார்?" என்ற கேள்விகளை எல்லாம் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். இரண்டு நாத்தனார் இருந்தால் முடிச்சுப் போடுவது யார், பொரியிடும்போது பெண்ணின் தம்பி ஊரில் இல்லையென்றால் யார் நிற்பது, தாய்மாமன் இரண்டு பேர் என்றால் யார் மாலை போடுவது. மந்திரம் தாமதமானதால் முகூர்த்தம் தவறிய கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. "முறைப்படி யார்?" என்று மேடையில் நடந்த பேச்சால் நெருக்கடி வந்த கல்யாணங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்று நடந்தது என்ன என்று சொல்கிறேன். 4.45க்குத் தொடங்க வேண்டியது 4.50க்குத் தொடங்கியது. மாப்பிள்ளை காப்புக் கட்டி எழுந்தபோது 5.52. பெண் வந்து காப்புக் கட்டியபோதே மணி ஆறாகிவிட்டது. நான் ஐயரைப் பார்த்தேன், அவர் நலங்குச் சாமான்களைத் தட்டோடு ஓரமாக நகர்த்தி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கூறை 6.08க்குப் பெண் கைக்குப் போனது. மூன்று நிமிடம்தான் தாமதம்.

எந்தக் கல்யாணத்திலும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கூறை பெண் கைக்குப் போன நேரத்தைப் பாருங்கள். அதோடு ஐம்பது நிமிடம் கூட்டினால் தாலி கட்டும் நேரம். எங்கள் முகூர்த்தத்துக்கு 6.20 வரை கவலையில்லை. 6.30ஐத் தாண்டினால் தட்டைப் பாதியில் திருப்ப வேண்டியிருக்கும், தாரை வார்ப்பதை ஐயர் சுருக்க வேண்டியிருக்கும். ஏழு மணிக்கு மேல் மணவறையில் நின்று கத்துவதால் எதுவும் ஆகாது. காப்பாற்றக்கூடிய நேரம் அதற்கு முன்பே போய்விட்டிருக்கும்.

தட்டு உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. என் மனைவி சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளையின் அக்கா தட்டை நீட்டினாளாம். தம்பி மனைவி கொசுவ மடிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "முதல்ல வெளியில கொண்டு போம்மா" என்றிருக்கிறாள். பாதிப் புடவையில் நின்ற பெண், "அம்மா, தொட்டுக் கொடும்மா, நேரமாகுது" என்றாளாம். என் மனைவி மடிப்பை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் இரண்டு கையாலும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, அட்சதை போட்டாள். பிறகு தட்டு கடைசி வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. என் அத்தைக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. இந்த வீட்டில் எத்தனையோ கல்யாணம் பார்த்தவர். தூணோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தொட்டதை மேடையிலிருந்து பார்த்தேன். 6.31க்குத் தட்டு மணவறைக்கு வந்துவிட்டது.

பெண் வந்ததுதான் தாமதம். ஒட்டியாணத்தின் கொக்கி விட்டுப்போய், நூல் கட்டிச் சரிசெய்து வந்தபோது 6.46. தாரை வார்த்து முடிந்தது ஏழு மணி. வீடியோக்காரர் தண்ணீர் விட்டதை "இன்னொரு தடவை" என்றார். தாலி வரைக்கும் எதையும் திருப்பிச் செய்வதில்லை, தாலிக்குப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கிறோம் என்று முன்பே பேசியிருந்தோம். தலையாட்டிவிட்டு நகர்ந்தார். ஐயர் விரலை உயர்த்த, கெட்டி மேளம் முழங்க, தாலி ஏறியபோது என் கைக்கடிகாரத்தில் 7.04. நாங்கள் வைத்த இலக்கைவிட ஒன்பது நிமிடம் தள்ளி. கையிருப்பில் இருபத்தாறு நிமிடம் மிச்சம். அந்த மிச்சத்தில் அக்கினி வலமும் அம்மியும் அவசரமில்லாமல் நடந்தன. ஒதுக்கி வைத்த நலங்கு அதற்குப் பிறகு, சிரிப்போடு நடந்தது.

ஏழரை தாண்டிய பிறகும் சில சடங்குகள் நடந்தன. ராகு காலத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாது என்பார்கள். தொடங்கியது தொடரலாம் என்பது எங்கள் ஐயர் சொன்னது. ஆனால் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போவது புதிய தொடக்கம். திங்கட்கிழமை ராகு காலம் 9 மணிக்கு முடியும், 10.30க்கு எமகண்டம் வந்துவிடும். நடுவில் ஒன்றரை மணி. 9.15க்கு வண்டி கிளம்பி, பத்து மணிக்குள் மாப்பிள்ளை வீட்டில் பாலும் பழமும் கொடுத்துவிட்டார்கள். இதையும் உங்கள் தாளில் எழுதி வையுங்கள். தாலி ஏறியதும் எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார்கள், வண்டி டிரைவரை 10.20க்குத் தேடுவார்கள்.

கடைசியாக, கேள்வி கேட்ட மாணவருக்கு: தம்பி, நாலே முக்கால் என்று சொன்னது என் தம்பி மகள் கல்யாணத்தின் விடை. உன் வீட்டுச் சடங்குகளை எழுதி, உன் ஐயரிடம் ஒவ்வொன்றுக்கும் நிமிடம் கேட்டு, தாலியிலிருந்து பின்னோக்கிக் கூட்டிப் பார். புடவைக்கு முப்பது போடு, அதைக் குறைக்காதே. தட்டு உன் வீட்டில் யாரிடமிருந்து கிளம்ப வேண்டும் என்பதையும் இப்போதே பேசிவிடு. தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, கூட்டல் சரியா என்று பார்த்துத் தருகிறேன்.

மணமக்களுக்கு என் ஆசிகள்.